முக்கால மீட்டல் பலகை விளையாட்டு: 40 நிமிடத்தில் முடியவில்லை, அட்டைகளைத் தரம் பிரித்த விதமும் பிழையாகிவிட்டது

பனிமுகடு

தரம் 8, தமிழ்மொழி. பிள்ளைகள் 36 பேர். வினைமுற்றின் காலங்களை மீட்டுவதற்காகப் பாம்பும் ஏணியும் போல 64 கட்டங்களில் ஒரு பலகை வரைந்து, ஆறு பிரதி செய்து, ஆறு பேருக்கு ஒன்று என்று கொடுத்தேன். தாயக்கட்டை உருட்டியதும் அட்டை ஒன்று எடுக்க வேண்டும். விடை சரியென்றால் விழுந்த எண்ணுக்கு நகரலாம், பிழையென்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் 60 அட்டைகள்: பச்சை இலகு, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு கடினம். மூன்றையும் கலந்து ஒரே கட்டாக வைத்தேன்.

மணி அடித்தபோது ஒரு காய்கூடப் பாதியைத் தாண்டியிருக்கவில்லை. ஆறு மூலையிலிருந்தும் "டீச்சர், இது சரியா?" என்ற சத்தம் வேறு. அதைவிட, எது இலகு எது கடினம் என்று நான் போட்ட கணக்கே தலைகீழாகிவிட்டது. பச்சையில் இருந்த ஓர் அட்டை இது: "நிறு, நேற்று, அம்மா." கொழுந்து நிறுப்பதைத் தினமும் காதால் கேட்கிற பிள்ளைகள்தானே என்று பச்சையில் போட்டேன். ஏறக்குறைய எல்லாரும் "நிறுத்தினார்" என்றார்கள். சிவப்பில் வைத்த "உண், நேற்று, அரசன்" என்பதையோ யோசிக்காமலே "உண்டான்" என்று சொல்லிவிட்டார்கள்.

பலகையை எப்படிச் சுருக்குவது, அட்டைகளை எந்த அளவுகோலால் தரம் பிரிப்பது என்று சொன்னால் உதவி.

கவ்வாத்து

கட்டத்தைக் குறையுங்கள், 30 போதும். தரம் பிரிப்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இறந்தகாலம் பச்சை, நிகழ்காலம் மஞ்சள், எதிர்காலம் சிவப்பு. எதிர்காலத்துக்கு ப், வ் இரண்டும்தான் இடைநிலை, அதையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. தெரியாத வினை வந்தால் நிகழ்காலத்தைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "க்கி" வந்தால் இறந்தகாலத்தில் "த்த்", எதிர்காலத்தில் "ப்ப்". படிக்கிறார், படித்தார், படிப்பார். இந்த ஒரு விதியே நிறு என்ற சொல்லையும் தீர்த்துவிடும்: நிறுக்கிறார், நிறுத்தார், நிறுப்பார்.

ஊவாக்காரன்

எங்கள் பக்கமும் இதே தொல்லைதான் டீச்சர். தரம் 9க்கு டென்ஸ் கார்ட் செய்திருக்கிறேன். பிள்ளைகள் "ஐ ஹாவ் கம் யெஸ்டடே" என்கிறார்கள். எத்தனை கார்ட் போட்டாலும் அது மாறுவதாயில்லை. சின்ஸ், ஃபோர் இரண்டுக்கும் தனி நிறம் வைக்கலாமா?

வெண்கட்டி

ஊவாக்காரன் சேர், இங்கே கேள்வி தமிழ் வினைமுற்றைப் பற்றியது. ஆனாலும் உங்கள் பிழைக்கு வேர் தமிழில்தான் இருக்கிறது. "நேற்று வந்திருக்கிறார், நான்தான் பார்க்கவில்லை" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். அந்த "இருக்கிறார்" என்பதைப் பிள்ளை அப்படியே "ஹாவ்" ஆக்கிவிடுகிறது. நிறம் மாற்றி அது போகாது. ஒரே அட்டையில் "யெஸ்டடே" இருக்கும் வாக்கியம் ஒன்று, இல்லாத வாக்கியம் ஒன்று என்று இரண்டு வைத்து, எதில் "ஹாவ்" வரும் என்று கேளுங்கள்.

இனி பனிமுகடு டீச்சரின் பலகை. முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். ஒரு முறைக்கு, அதாவது அட்டை எடுத்து, வாசித்து, யோசித்து, விடை சொல்லி, சரிபார்த்து, காயை நகர்த்த, 40 விநாடி போகும். தாயக்கட்டையின் சராசரி 3.5. 64 கட்டத்தைக் கடக்க ஒருவர் 18 தடவைக்குக் குறையாமல் நகர வேண்டும். ஆறு பேர் என்றால் 108 முறை. எல்லா விடையும் சரியாக இருந்தாலும் 72 நிமிடம் ஆகும். பிழை விடையும் பாம்பும் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

ஆகவே கட்டத்தை மட்டும் குறைப்பதில் பயன் குறைவு, ஆட்களின் எண்ணிக்கையும் குறைய வேண்டும். பலகைக்கு நான்கு பேர், அவர்கள் இரண்டிரண்டாக இரு சோடி. 36 பேருக்கு ஒன்பது பலகை. விதி சொல்லவும் காய் வைக்கவும் எட்டு நிமிடம், கடைசியில் பிழைகளைக் கரும்பலகையில் பார்க்க ஏழு நிமிடம். மிச்சம் 25 நிமிடம்தான் ஆட்டம். அதற்குள் 37 முறை வரும், ஒரு சோடிக்கு 18.

தாயக்கட்டையை எடுத்துவிடுங்கள். அது இருக்கும் வரைக்கும், இலகுவான கேள்வியில் ஆறு கட்டமும் கடினமான கேள்வியில் ஒரு கட்டமும் கிடைப்பது நடந்துகொண்டே இருக்கும். "எனக்கு மட்டும் ஏன் சிவப்பு" என்ற முணுமுணுப்பு அங்கிருந்துதான் பிறக்கிறது. மூன்று நிறத்தையும் மூன்று கட்டாக முகம் கவிழ்த்து வையுங்கள். எந்த நிறம் என்று எடுப்பதற்கு முன்னமே சோடி சொல்ல வேண்டும். பச்சை சரியானால் ஒரு கட்டம், மஞ்சள் இரண்டு, சிவப்பு மூன்று.

கவ்வாத்து

சிவப்புக்கு மூன்று கட்டம் காணாது. ஐந்து வையுங்கள், அப்போதுதான் கெட்டிக்காரப் பிள்ளைகள் கை வைப்பார்கள். மூன்றுக்காக யார் தலையை உடைப்பது?

வெண்கட்டி

ஐந்து வைத்தால் கெட்டிக்காரர் மட்டுமல்ல, எல்லாருமே சிவப்பில் விழுவார்கள். நடுத்தரமான ஒரு சோடி பச்சையில் பத்துக்கு ஒன்பதும், மஞ்சளில் ஆறும், சிவப்பில் மூன்றும் சரியாகச் சொல்கிறது என்று வையுங்கள். 1, 2, 3 என்று கொடுத்தால் ஒரு முறைக்குச் சராசரியாகப் பச்சையில் 0.9, மஞ்சளில் 1.2, சிவப்பில் 0.9 கட்டம் வரும். அந்தச் சோடிக்கு மஞ்சள்தான் இலாபம், அதன் தரமும் அதுதான். சிவப்புக்கு ஐந்து கொடுத்தால் 1.5 ஆகிவிடும். பிறகு பத்தில் ஏழு தடவை பிழைவிட்டாலும் பரவாயில்லை என்று சிவப்பையே இழுத்துக்கொண்டிருப்பார்கள். மீட்டல் போய்ச் சூதாட்டம் வந்துவிடும்.

பச்சையில் ஏழு, மஞ்சளில் மூன்று, சிவப்பில் ஒன்று என்று இருக்கும் சோடிக்கு 0.7, 0.6, 0.3 வரும். அவர்கள் தாமாகவே பச்சையில் நிற்பார்கள். கெட்டிக்காரச் சோடிக்குச் சிவப்பில் பத்துக்கு ஏழு சரியென்றால் 2.1. ஆகவே 1, 2, 3 போதும்.

பலகையின் நீளமும் இதிலிருந்துதான் வருகிறது. 18 முறை, முறைக்கு 1.2 என்றால் ஏறக்குறைய 21 கட்டம். 20 கட்டத்தில் பலகை வரைந்தால் பெரும்பாலான மேசைகளில் ஆட்டம் முடியும். முடியாத மேசையில் அந்த 25 நிமிடம் முடியும்போது முன்னால் நிற்பவர் வென்றவர். பாம்பு, ஏணி எதுவும் வேண்டாம். விடைக்குச் சம்பந்தமில்லாமல் காய் நகரக்கூடாது.

இரண்டு சின்ன விதிகள் கட்டாயம். சோடியில் இருவரும் பேசி முடிவெடுக்கலாம், ஆனால் விடையை வாய்விட்டுச் சொல்பவர் முறைக்கு முறை மாற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பிள்ளை சொல்லிக்கொண்டே போகும், மற்றது காயை மட்டும் தள்ளும். அடுத்தது, ஒரு சோடி பிழைவிட்டால் எதிர்ச் சோடி சரியான விடை சொல்லி ஒரு கட்டம் நகரலாம். மற்றவர் முறையிலும் காது கொடுக்க வைப்பது அது ஒன்றுதான். பிழைபட்ட அட்டை அதே கட்டின் அடியில் போகட்டும், திரும்ப மேலே வரும்போது யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

இலக்கணப்பித்து

கவ்வாத்து தம்பி சொன்ன "க்கி" விதி பாதிதான் சரி. நிகழ்காலத்தில் "க்கிறு" வந்தால் எதிர்காலத்தில் "ப்ப்" வரும், அந்தப் பாதியை நம்பலாம். இறந்தகாலத்தில் "த்த்" வரும் என்பது நிற்காது. நடக்கிறார், நடந்தார். பறக்கிறது, பறந்தது. திறக்கிறார், திறந்தார். மறக்கிறார், மறந்தார். இந்த விதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளை "நடத்தார்" என்று எழுதும், எழுதியும் இருக்கிறது.

எதிர்காலத்துக்கு ப், வ் என்று நன்னூல் சொல்வது உண்மை. ஆனால் "நாளை மழை பெய்யும்" என்பதில் ப் எங்கே, வ் எங்கே? அங்கே "உம்" விகுதியே காலத்தையும் காட்டிவிடுகிறது. இடைநிலையைத் தேடிப் பழகிய பிள்ளை "பெய்வது" என்று எழுதுவது இதனால்தான். ஒருமையோ பன்மையோ, குருவி பறக்கும், குருவிகள் பறக்கும், இரண்டும் ஒன்றுதான்.

நிகழ்காலத்திலும் ஒரு குழி இருக்கிறது. அவன் பறக்கிறான், பறக்கின்றான் என்று இரண்டும் எழுதலாம். குருவிகள் என்று வந்தால் "பறக்கின்றன" மட்டுமே. "பறக்கிறன" என்று ஒரு சொல் கிடையாது. பேச்சில் "குருவிங்க பறக்குது" என்பதால் பிள்ளைகள் ஒருமையை அப்படியே எழுத்தில் இறக்கிவிடுகிறார்கள். ஆகையால் இறந்தகாலம் இலகு, எதிர்காலம் கடினம் என்று காலத்தை வைத்துத் தரம் பிரிக்கவே முடியாது. மூன்று காலத்திலும் இலகுவும் உண்டு, கடினமும் உண்டு.

பனிமுகடு

நேரக் கணக்கு விளங்கிவிட்டது, நன்றி சேர். "நிறு" மட்டும் இன்னும் உறுத்துகிறது. தெரிந்த சொல், தினமும் கேட்கிற சொல். பிறகு ஏன் பிழைக்கிறது?

வெண்கட்டி

மூன்று வினைகள் ஒன்றின் முகத்தை ஒன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன டீச்சர். நில், நிறு, நிறுத்து. வரிசையாக எழுதிப் பாருங்கள்.

நிற்கிறார், நின்றார், நிற்பார்.
நிறுக்கிறார், நிறுத்தார், நிறுப்பார்.
நிறுத்துகிறார், நிறுத்தினார், நிறுத்துவார்.

பிள்ளையின் காதில் "நிறுத்த" என்று விழுந்ததும் பஸ்ஸை நிறுத்துவதுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு இறந்தகாலம் "நிறுத்தினார்". அந்தச் சொல்லைப் பொறுத்தவரை பிள்ளை சொன்னது முழுச் சரி, சொல்தான் வேறு. பிழை பிள்ளையிடம் பாதி, அட்டையிடம் பாதி. "நிறு, நேற்று, அம்மா" என்று வெறும் பகுதியை நீட்டினால் எந்த வினை என்று எப்படித் தெரியும்? வாக்கியமாகக் கொடுங்கள்: "அம்மா மடுவத்தில் கொழுந்தை (நிறு) ______. கங்காணி லொறியை (நிறுத்து) ______. இரண்டும் நேற்று நடந்தவை." இப்போது பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். நிறுத்தார், நிறுத்தினார். இது மஞ்சள் அட்டை, பச்சை அல்ல.

வெறும் பகுதி மட்டும் எழுதிய அட்டைகள் எல்லாவற்றையும் ஒருமுறை சலித்துவிடுங்கள். "உடை, நேற்று, அது" என்று ஓர் அட்டை இருந்தால் அதற்கு இரண்டு விடை: கண்ணாடி உடைந்தது, பந்து கண்ணாடியை உடைத்தது. "படி" என்பதும் அப்படித்தான். அக்கா பாடம் படித்தாள், மலையில் பனி படிந்தது. "சேர்", "வளர்", "நனை" எல்லாம் இதே சாதி. உங்களுக்கு ஆறு மூலையிலிருந்தும் வந்த "டீச்சர், இது சரியா?" என்ற சத்தத்தில் பாதி இந்த அட்டைகளிலிருந்துதான் வந்திருக்கும்.

அளவுகோல் கேட்டீர்கள். சொல் அரிதா, பழக்கமா என்று பார்க்காதீர்கள். விடைக்குப் போகப் பிள்ளை எத்தனை முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

பச்சையில் ஒரே முடிவு. காலமும் ஆளும் அட்டையிலேயே இருக்கும், வினையும் முரண்டு பிடிக்காது. "நாளை நான் மைதானத்தில் (ஓடு) ______." ஓடுவேன். உங்கள் "உண்டான்" இங்கேதான் வர வேண்டும். செய்யுளில் வருகிற சொல் என்று நீங்கள் பயந்தீர்கள், பிள்ளைக்கோ அது வாய்க்குப் பழகிய சொல்.

மஞ்சளில் இரண்டு முடிவு. காலத்தோடு, இந்த வினை எந்தப் பக்கம் சாயும் என்றோ, எழுவாய் ஒருமையா பன்மையா என்றோ பார்க்க வேண்டியிருக்கும். "குழந்தை பசியில் (அழு) ______" என்பதற்கு நேற்று என்றால் அழுதது. விழுந்தது, எழுந்தது என்று சொல்லிப் பழகிய வாய் "அழுந்தது" என்று வழுக்கும். "மாடுகள் இப்போது புல் (மேய்) ______" என்பதும் இங்கேதான்.

சிவப்பில் சொல்லின் காலமும் செயலின் காலமும் பிரிந்து நிற்கும். "வெளியே தோழி காத்திருக்கிறாள். வீட்டுக்குள் இருந்து ஒருத்தி, 'இதோ வந்துவிட்டேன்' என்கிறாள். சொல் எந்தக் காலம்? செயல் எந்தக் காலம்?" சொல் இறந்தகாலம், செயல் இன்னும் நடக்கவில்லை. எதிர்மறையும் சிவப்புதான். "நேற்று அவன் பள்ளிக்கூடம் வரமாட்டான்" என்பதைத் திருத்தச் சொன்னால் "வரவில்லை" என்று வர வேண்டும். "வரவில்லை" என்பது நேற்றுக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும் என்பதைக் கடைசி ஏழு நிமிடத்தில் பேசலாம்.

சிவப்பில் தெரிவு விடைகள் வேண்டவே வேண்டாம். இரண்டு தெரிவு கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரி, மூன்று கட்டத்தில் பாதி ஒன்றரை. மேலே போட்ட கணக்கு முழுவதும் சரிந்துவிடும்.

கவ்வாத்து

சரி, விதியில் பாதி போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன். சிவப்புக்கு நானும் ஒன்று தருகிறேன். "தாத்தா சின்ன வயதில் தினமும் நடந்தே பள்ளிக்கூடம் போவார். பிழை திருத்துக." விடை: போனார்.

இலக்கணப்பித்து

அதில் திருத்த என்ன இருக்கிறது தம்பி? வழக்கமாகச் செய்த ஒன்றை எதிர்கால வடிவத்தில் சொல்வது தமிழின் இயல்பு. "போனார்" என்றால் போனது மட்டும் தெரியும். அது வழக்கம் என்பதைத் "தினமும்" என்ற ஒரு சொல்லே தாங்க வேண்டிவரும். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நான்கு காரணங்களால் காலம் பிறழ்ந்து வரலாம் என்று நன்னூலே இடம் கொடுக்கிறது. வெண்கட்டி காட்டிய "இதோ வந்துவிட்டேன்" விரைவுக்கு நல்ல உதாரணம். உங்கள் வாக்கியத்தைக் கேள்வி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்: சொல் எந்தக் காலம், செயல் எந்தக் காலம்? அருமையான சிவப்பு அட்டை. "பிழை திருத்துக" என்று போட்டால் சரியாகச் சொல்லும் பிள்ளையைப் பிழையாக்குகிற அட்டை.

இன்னொன்று. "விட்டான்", "நட்டான்", "பெற்றான்" போன்றவற்றில் இடைநிலை எது என்று அட்டையில் கேட்க வேண்டாம். விடு, நடு, பெறு என்ற பகுதியின் ஒற்று இரட்டித்தே இறந்தகாலத்தைக் காட்டுகிறது, அங்கே தனி இடைநிலை இல்லை.

கவ்வாத்து

அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் ஐயா. விட்டான் = விடு + ட் + ஆன் என்றுதான் பல பிள்ளைகள் பிரிக்கிறார்கள். த், ட், ற், இன் என்ற பட்டியலில் ட் இருக்கிறதே! உண்டான் என்பதில் ட் இடைநிலையாம், விட்டான் என்பதில் இல்லையாம். தரம் 8 பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது?

வெண்கட்டி

மரபுப்படி ஐயா சொல்வதுதான் சரி. விளக்குவது கடினம் என்று நீங்கள் சொல்வதும் சரி. பலகைக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. விளையாட்டில் கேட்பது காலத்துக்கேற்ற சொல்லை, பகுபத உறுப்பிலக்கணத்தை அல்ல. பிரித்தெழுதுவதை ஒரு அட்டைக்குள் கொண்டுவந்தால் அந்த முறை 40 விநாடியில் முடியாது, இரண்டு நிமிடம் போகும். மேசையில் மற்றவர்கள் சும்மா இருப்பார்கள்.

சீ.ஆர்.கொப்பி

பொருள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பலகை: ஒரு முழு பிறிஸ்டல் போர்ட்டை நான்காக வெட்டினால் நான்கு பேர் சுற்றி உட்காரும் மேசைக்கு அளவாக இருக்கும். ஒன்பது பலகைக்கு மூன்று போர்ட் வாங்க வேண்டும், மிச்சத்தில் காய் வெட்டலாம். நம் பக்கத்து ஈரத்தில் ஒற்றைப் போர்ட் இரண்டு வாரத்தில் சுருண்டுவிடும். முன்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஒட்டினால் இன்னும் மோசம், பின்பக்கம் ஈரத்தை உறிஞ்சி ஒரு பக்கமாக வளைகிறது. ஒட்டினால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், விளிம்பில் அரை அங்குலம் பிளாஸ்டிக்கை வெளியே விட்டு மூடுங்கள். கோதுமை மாப் பசை வேண்டாம், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

அட்டை: 37 முறைக்கு 48 அட்டை போதும், 60 தேவையில்லை. பெரும்பாலானோர் மஞ்சள் எடுப்பார்கள் என்று மேலே போட்ட கணக்கை வைத்தால் பச்சை 14, மஞ்சள் 22, சிவப்பு 12. ஏ4 தாளை எட்டாக வெட்டினால் ஒரு கட்டுக்கு ஆறு தாள், ஒன்பது கட்டுக்கு 54 தாள்.

நிறம்: பனி இறங்கிய பின்னேரத்தில், மின்சாரமும் இல்லையென்றால், வெளிர்பச்சையும் மஞ்சளும் ஒன்று போலத்தான் தெரியும். நிறத்தாள் வாங்கப் போவதைவிட வெள்ளைத் தாளில் எடுத்து, பின்பக்க மூலையில் பிளட்டிக்னம் பேனையால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி போடுங்கள். நிறம் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளைக்கும் அது உதவும்.

காய்: தேயிலைக் காய் வேண்டாம், உருண்டு ஓடும். சட்டைப் பொத்தான் அல்லது சோடா மூடி.

பனிமுகடு

விடையை எங்கே எழுதுவது? அட்டையின் பின்னால் எழுதினேன். கவிழ்த்து வைத்தால் விடைதான் மேலே தெரிகிறது. கேள்விக்குக் கீழே சின்னதாக எழுதினால் எடுக்கும் பிள்ளையே பார்த்துவிடும்.

வெண்கட்டி

எடுப்பது எதிர்ச் சோடியாக இருக்கட்டும். அவர்கள் எடுத்து வாசிக்க வேண்டும், விடை சொல்பவர் கேட்க மட்டும் வேண்டும். அப்போது விடை கேள்விக்குக் கீழேயே இருக்கலாம். ஒரு விடைக்கு மேல் பொருந்துமென்றால் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள்: "படிக்கிறாள் / படிக்கின்றாள்", "போனது / போயிற்று". ஒன்றை மட்டும் எழுதினால் மற்றதைச் சொன்ன பிள்ளைக்கு எதிர்ச் சோடி கட்டம் கொடுக்காது, திரும்ப உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

சீ.ஆர்.கொப்பி

அது சரிவராது. சாதாரண ஏ4 தாளில் எழுத்து மறுபக்கம் தெரியும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விடை வாசிக்கலாம். அட்டைக்கு எண் மட்டும் போட்டு விடைகளைத் தனித் தாளில் வைத்து, அதை எதிர்ச் சோடி வைத்திருக்கட்டும். விடையில் ஒரு பிழை கண்டால் ஒன்பது தாளைத் திருத்தினால் போதும், அட்டைக் கட்டைக் கலைக்கத் தேவையில்லை.

வெண்கட்டி

எண்ணைத் தேடுவதற்கு முறைக்கு ஐந்தாறு விநாடி போகுமே. 37 முறைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல். தேடும்போது பக்கத்து விடைகளும் கண்ணில் படும்.

சீ.ஆர்.கொப்பி

மூன்று நிமிடம் போனால் போகட்டும். ஒரு அட்டையில் பிழை விடை அச்சாகிவிட்டால் ஒன்பது மேசையிலும் பிழையைத்தானே மீட்டுவார்கள்?

ஊவாக்காரன்

எனக்கு ஒரு கேள்வி. தரம் பிரித்தது சரியா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் சரி, பிழை என்று பிள்ளைகளே அடையாளம் போட்டால் ஒரு பாடவேளையிலேயே கணக்கு வந்துவிடாதா? ஒன்பது கட்டிலும் அதே அட்டைகள்தானே.

வெண்கட்டி

நல்ல யோசனை, ஆனால் அந்தக் கணக்கு ஏமாற்றும் சேர். சிவப்பை விரும்பி எடுப்பவர்கள் கெட்டிக்காரச் சோடிகள். அவர்கள் சரியாகச் சொல்வதால் சிவப்பு அட்டை உண்மையில் இருப்பதைவிட இலகுவாகத் தெரியும். பச்சையை எடுப்பவர்கள் தடுமாறும் சோடிகள் என்பதால் பச்சை கடினமாகத் தெரியும். இரண்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அட்டை வெட்டுவதற்கு முன்னால் இணை வகுப்பில் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். நாளுக்கு 12 வாக்கியம், பத்து நிமிடம், நான்கு நாளில் 48ம் முடியும். எல்லாப் பிள்ளையும் எல்லா வாக்கியத்துக்கும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். பத்துப் பேருக்கு எட்டுப் பேர் சரியென்றால் பச்சை, நான்கிலிருந்து ஏழு வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. ஒருவருமே சரியாக எழுதாத வாக்கியத்தைச் சிவப்பில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் கேள்வியில்தான் கோளாறு இருக்கும். எல்லாரும் ஒரே பிழையை எழுதியிருந்தால், உங்கள் "நிறுத்தினார்" போல, வேறு ஒரு வினை குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம்.

அட்டை கேட்பது எழுத்து வழக்கை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "வர்றேன்" என்று சொல்லும் பிள்ளைக்குக் காலம் தெரியும். அதைப் பிழை என்று காயை நிறுத்தாமல், "எழுத்தில் எப்படி?" என்று ஒருமுறை கேட்க எதிர்ச் சோடிக்கு விதி வையுங்கள். வருகிறேன் என்று வந்தால் கட்டம் கொடுக்கலாம்.

கவ்வாத்து

அப்படியென்றால் "மாடுங்க மேயுது" என்பவனுக்கும் இரண்டாவது வாய்ப்பா? அவன் "மேய்கிறது" என்றுதானே திருத்துவான்?

இலக்கணப்பித்து

திருத்தட்டும். "மேய்கிறது" என்றால் கட்டம் இல்லை, எதிர்ச் சோடி "மேய்கின்றன" என்று சொல்லி ஒரு கட்டம் போகட்டும். அந்த அட்டையை எழுதியதே அதற்காகத்தானே.

பனிமுகடு

இணை வகுப்பு டீச்சரிடம் பேசிவிட்டேன், முதல் 12 வாக்கியம் திங்கட்கிழமை. நிறு, நில், நிறுத்து மூன்றையும் ஒரே நாளில் போடாமல் பிரித்துப் போடுகிறேன், ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதிவிடுவார்கள். விடை அட்டையிலா தனித் தாளிலா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. ஐந்து பலகையில் ஒரு விதம், நான்கில் மற்ற விதம் வைத்து, எந்தப் பக்கமிருந்து "டீச்சர்" என்ற சத்தம் கூட வருகிறது என்று எண்ணிப் பார்க்கிறேன்.